விலகல் நேர்வு
பண்புசார் ஆய்வில் பொது முடிவுக்குள் அடங்காத நேர்வு. அதை அடிக்குறிப்பில் ஒதுக்காமல், முடிவின் எல்லையைக் காட்டும் சான்றாக எழுத வேண்டும்.

‘முஸ்லிம் குடும்பங்களில் வம்சம் தந்தைவழி, சொத்தில் மகனுக்கு மகளின் பங்கைப்போல் இரு மடங்கு’ என்ற முடிவு இலங்கையின் அம்பாறைக் கரையில் இடறுகிறது. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் குடி தாய்வழி வருகிறது. வீடு சீதனமாக மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுகிறார். ‘உள்ளூர் வழமை’ என்று எழுதிக் கடப்பது சோம்பல். வீடு எப்போது கைமாறுகிறது என்று கேட்க வேண்டும். பெற்றோர் உயிரோடிருக்கையில், கல்யாணத்தோடு. வாரிசுரிமைச் சட்டமோ இறந்தவர் விட்டுச்சென்றதையே பங்கிடுகிறது. ஆகவே முடிவு பொய்யாகவில்லை. ‘மரணத்தின்போது எஞ்சிய சொத்தில்’ என்று குறுகுகிறது.

வம்சம் பற்றிய பாதி இன்னும் தீரவில்லை. பக்கத்து இந்துத் தமிழரிடமும் தாய்வழிக் குடியும் சீதன வீடும் உண்டென மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியான நூலில் காட்டுகிறார். அப்படியானால் இது மதத்தைவிட வட்டாரத்தைச் சேர்ந்த வழமை. சொத்து பற்றிய நிபந்தனையைச் சோதிக்க மகளில்லாத வீடுகளையும் பார்க்க வேண்டும். அங்கே வாரிசுப் பங்கீடு நடக்காவிட்டால் புதிய நிபந்தனையும் தவறு.