தண்ணி, தண்ணீரை, தண்ணீரில்லை... கம்ப்யூட்டருக்கு எல்லாமே வேற வேற! தமிழ்ல வந்த குறைகளை எண்ணுவது எப்படி?

ஒரு வார்டில் மக்களிடம் படிவம் கொடுத்து, 'உங்கள் பகுதியின் பெரிய பிரச்னை என்ன?' என்று கேட்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஏழு பேர் எழுதிக் கொடுக்கிறார்கள்:

எங்க தெருவுல தண்ணி வரலை.
தண்ணீரில்லை, நாலு நாளாச்சு.
தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.
தண்ணிக்கு லாரியைத்தான் நம்பியிருக்கோம்.
குடிநீர் குழாயில சாக்கடை வாடை.
தெருவிளக்கு எரியல.
தெருவிளக்கு ரெண்டு வாரமா எரியலை.

படிக்கிற யாருக்கும் தெரியும், ஏழில் ஐந்து தண்ணீர் புகார். ஆனால் இடைவெளியை வைத்து சொற்களைப் பிரித்து எண்ணினால், இரண்டு முறை வருவது 'தெருவிளக்கு' மட்டும்தான். மற்றதெல்லாம் ஒவ்வொன்று. பட்டியலை மட்டும் பார்க்கும் அதிகாரி முதலில் பல்புதான் வாங்குவார்!

பிரிக்கும்போதே உடையும் சொல்

பைத்தான் மொழியில் சொற்களைப் பிரிக்கப் பலரும் எழுதும் வரி `\w+`. ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் புள்ளியையும் துணைக்குறிகளையும் அது எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. அதனால் தமிழ் எழுத்துகளின் யூனிகோட் எல்லையை நாமே சொல்ல வேண்டும்.

```python
import re
re.findall(r"\w+", "தண்ணீர்")
# ['தண', 'ண', 'ர']
re.findall(r"[\u0B80-\u0BFF]+", "தண்ணீர்")
# ['தண்ணீர்']
```

எண்ணிக்கையில் தனி 'ண', தனி 'ர' எல்லாம் முன்னணியில் வந்தால், கோளாறு இங்கேதான். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'கொசு'வில் உள்ள 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், எண்ணும்போது இரண்டு சொல். பிரிப்பதற்கு முன்பே `unicodedata.normalize("NFC", text)` கொடுத்தால் இது சரியாகிவிடும்.

விகுதியைக் கழற்றுவது

'தண்ணீரைக்' என்பதில் கடைசி 'க்', அடுத்த சொல்லான 'காய்ச்சி'க்காக வந்த ஒற்று. அதை முதலில் எடுக்க வேண்டும். பிறகு 'ஐ' உருபு. அது தனியாக நிற்காமல் 'ரை'க்குள் ஒளிந்திருக்கிறது. குறியை எடுத்தால் 'தண்ணீர' என்று நிற்கும், புள்ளியை நாம்தான் திருப்பி வைக்கணும். 'தண்ணிக்கு' சுலபம், 'க்கு' போனால் 'தண்ணி'. 'குளத்துல' என்று வந்தால் 'த்துல' போவதோடு 'ம்' சேர வேண்டும், அப்போதுதான் 'குளம்' கிடைக்கும்.

கைவைக்கக் கூடாத இடம் 'தண்ணீரில்லை'. இதில் 'இல்லை' விகுதி கிடையாது, தனிச் சொல். வெட்டி எறிந்தால் 'தண்ணீர்' மிஞ்சும், புகார் காணாமல் போய்விடும். 'தண்ணீர்', 'இல்லை' என இரண்டாகப் பிரித்து இரண்டையும் எண்ணுவதுதான் சரி. 'வரலை', 'எரியல' ஆகியவற்றிலும் அதே 'இல்லை'தான் தேய்ந்து நிற்கிறது.

விதி அளவுக்கு மீறினாலும் ஆபத்து. 'இல்' உருபை எங்கே பார்த்தாலும் வெட்டு என்றால் 'கோயில்' 'கோய்' ஆகிவிடும், 'ரயில்' 'ரய்' ஆகிவிடும். அதனால் வெட்டிய பிறகு மிஞ்சுவது அகராதியில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பழையபடி விட்டுவிட வேண்டும். முதல் இரண்டு எழுத்தை வைத்துச் சேர்க்கலாமே என்று சிலர் குறுக்குவழி தேடுவார்கள். 'தண்' என்று தேடினால் தண்டவாளமும் தண்டனையும்கூட தண்ணீர் கணக்கில் வந்து சேரும்.

விதி எட்டாத இடம்

'தண்ணி'யும் 'தண்ணீர்'தான் என்பதை எந்த விகுதி விதியும் சொல்லாது. அதற்கு ஒரு கைப்பட்டியல் வேண்டும்: தண்ணி, தண்ணீ என்றால் தண்ணீர், வரலை, வரல, வரவில்லை என்றால் ஒரே சொல். 'குடிநீரை' இதில் சேர்ப்பதா என்பது இலக்கணக் கேள்வி இல்லை, நாம் எடுக்கும் முடிவு. தலைப்பு வாரியாக எண்ணினால் சேர்க்கலாம். தட்டுப்பாட்டை மட்டும் தேடினால் சாக்கடை வாடை வேறு புகார். எப்படிச் செய்தாலும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அதை எழுதி வைக்க வேண்டும்.

ஒருவரே கோபத்தில் 'தண்ணி தண்ணி தண்ணி' என்று எழுதினால் மூன்று புகார் ஆகாது. எனவே சொல் எத்தனை முறை வந்தது என்பதைவிட, எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைத்தான் எண்ண வேண்டும். குடிநீரையும் சேர்த்து இப்படி எண்ணினால் நம் படிவங்களில் தண்ணீர் 5, தெருவிளக்கு 2.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வேர்ச்சொல்லுக்குக் கீழும் எந்தெந்த அசல் வடிவங்கள் சேர்ந்தன என்று அச்சிட்டு, மேலே உள்ள ஐம்பதையாவது ஒருவர் கண்ணால் படிக்க வேண்டும். 'கோய்' மாதிரி ஏதாவது இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.