மான்செஸ்டரில் உடைந்த உருண்டை

அணு உருண்டையானதும் அந்த உருண்டை உடைந்ததும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில்தான். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த ஜான் டால்டன், அணு என்பது பிளக்க முடியாத கெட்டி உருண்டை என்று 1808-ல் வெளியிட்ட நூலில் எழுதினார். அதற்கு வலுவான காரணம் இருந்தது. இன்றைய அளவில் சொன்னால், 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராமோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. 20 கிராமோடு சேர்ந்து இன்னொரு வாயு வருவதில்லை. முழு உருண்டைகள் ஒன்றாகவோ இரண்டாகவோதான் சேரும் என்றால் இது தானாக விளங்கிவிடுகிறது.

1897-ல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். அணுவுக்குள்ளிருந்து ஒன்று வெளியே வருகிறதென்றால் அது கெட்டி உருண்டையாக இருக்க முடியாது. உருண்டை முழுக்க நேர்மின்சுமை பரவியிருக்கிறது, அதில் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்றார் அவர். எலக்ட்ரான்கள் இருந்தும் பொருள் ஏன் மின்சுமை இல்லாமல் இருக்கிறது என்பதற்கு அதில் விடை கிடைத்தது.

அதைச் சோதித்த இடம் மறுபடியும் மான்செஸ்டர். 1909-ல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹான்ஸ் கைகரும் இளம் மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் உலோகத் தகடுகள்மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் துகள் பட்டால் நுண்ணிய ஒளிப்பொறி தெறிக்கும். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியே பொறிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். தாம்சன் சொன்னபடி சுமை பரவியிருந்தால் துகள்கள் கொஞ்சமே விலக வேண்டும். ஆனால் பிளாட்டினத் தகட்டில் சுமார் 8,000-க்கு ஒன்று வந்த பக்கமே திரும்பியது.

அவ்வளவு வேகமான துகளைத் திருப்பியடிக்க, அணுவின் நேர்மின்சுமையும் ஏறத்தாழ முழு எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருக்க வேண்டும். 1911-ல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவை அறிவித்தார். அவர் மாதிரியிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கருவைச் சுற்றும் எலக்ட்ரான் தொடர்ந்து ஆற்றலைக் கதிராக இழந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படியானால் எந்த அணுவும் நிலைத்திருக்காது.

ரூதர்ஃபோர்டிடம் வேலை செய்துவிட்டுத் திரும்பிய டென்மார்க் இளைஞர் நீல்ஸ் போர் 1913-ல் துணிந்து ஒரு விதி வகுத்தார். கருவைச் சுற்றும் எலக்ட்ரானுக்குச் சில வட்டப் பாதைகளே, அதாவது சில ஆற்றல் மட்டங்களே உண்டு. அவற்றில் இருக்கும்வரை அது ஆற்றலை இழப்பதில்லை, மட்டம் தாவும்போதுதான் ஒளி பிறக்கும். ஹைட்ரஜனில் மூன்றாம் மட்டத்தின் ஆற்றல் -1.51 எலக்ட்ரான் வோல்ட், இரண்டாவதன் ஆற்றல் -3.40. வேறுபாடு 1.89. அதற்குரிய ஒளியின் அலைநீளம் 656 நானோமீட்டர். ஹைட்ரஜன் நிறமாலையின் சிவப்புக் கோடு சரியாக அங்கேதான் இருக்கிறது! என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மிக அழகான கணக்கு இதுதான். ஆனால் இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்தில் அது பொய்த்தது. எந்தக் கோடு பளிச்சென்றும் எது மங்கலாகவும் இருக்கும் என்பதையும் அதால் முழுமையாகச் சொல்ல முடியவில்லை.

1926-ல் ஷ்ரோடிங்கர் எலக்ட்ரானை அலையாக எடுத்துச் சமன்பாடு எழுதினார். அந்த அலை காட்டுவது, எலக்ட்ரான் எங்கே அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை என்று மாக்ஸ் பார்ன் விளக்கினார். பாதை போய் முகில் வந்தது. ஹைட்ரஜனில் எலக்ட்ரான் அகப்பட அதிக வாய்ப்புள்ள தூரம் 0.053 நானோமீட்டர். போர் சொன்ன முதல் வட்டத்தின் ஆரமும் அதுவே. ஹீலியமும் வழிக்கு வந்தது. 1929-ல் நார்வேக்காரர் ஹில்லராஸ், ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கொண்டு அதன் ஆற்றலைச் சோதனை அளவுக்கு மிக நெருக்கமாகக் கணக்கிட்டுக் காட்டினார்.