ரோட்டில், பிளேடில்: ஆங்கிலக் கடன்சொற்கள் வேற்றுமை ஏற்ற வரலாறு

தமிழ்த் தொடர்களில் ஆங்கிலச் சொற்கள் வந்து வேற்றுமை ஏற்கும்போது, அவற்றில் உருபு சரியாகச் சேர்ந்துள்ளதா என்ற வினா விடைத்தாள் திருத்துவோர்க்கும் மெய்ப்புத் திருத்துவோர்க்கும் அடிக்கடி எழுகிறது. ‘ரோடில்’ பிழை, ‘ரோட்டில்’ சரி என்று திருத்தும் அதே கை ‘பிளேடால்’ என்பதை ஐயமின்றிக் கடந்து செல்கிறது. ‘பிளேட்டால்’ என்று எவரேனும் எழுதினால் அதுவே பிழையாகத் தோன்றும். இரண்டு சொற்களும் நெட்டுயிரை அடுத்த டுகரத்தில் முடிகின்றன. இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இந்த வேறுபாட்டுக்கு இலக்கண விதியில் மட்டும் விடை தேடினால் கிடைப்பதில்லை. அச்சொற்கள் எக்காலத்தில், எத்தகைய பேச்சாளர் வழியாகத் தமிழுக்குள் வந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். கடன்சொற்களில் உருபு மாறுவதில்லை. ஐ, ஆல், கு, இன், இல் ஆகியவை தமிழ்ச் சொல்லோடு சேர்வது போலவே கடன்சொல்லோடும் சேர்கின்றன. மாறுபடுவது உருபை ஏற்கும் பெயரின் வடிவம். ‘மரம்’ என்பது ‘மரத்து’ என்றும் ‘வீடு’ என்பது ‘வீட்டு’ என்றும் திரிந்த பின்னரே உருபை ஏற்கின்றன. இத்திரிபை மரபிலக்கணம் சாரியை என்றும் ஒற்று இரட்டித்தல் என்றும் விளக்கும். தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணம் போன்ற நூல்கள் இதை வேற்றுமை ஏற்கும் தனி அடியாகக் கொள்ளும். ஆகவே கடன்சொல்லைப் பொறுத்தவரை வினா இவ்வாறு சுருங்குகிறது: புதிதாக வந்த சொல் இத்திரிபுக்கு உட்படுகிறதா, இல்லையா?

ஐரோப்பியச் சொற்களுள் முதலில் வந்தவை இச்சிக்கலை எழுப்பவில்லை. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த ‘மேசை’, ‘சாவி’, ‘ஜன்னல்’ ஆகியவை தமிழுக்கு இயல்பான ஈறுகளைப் பெற்றே நிலைத்தன. ‘மேசையில்’, ‘ஜன்னலை’ என்பவற்றில் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தொடர்வண்டி ஓடத் தொடங்கிய காலத்தை ஒட்டிப் பரவிய ‘ரயில்’ என்ற சொல்லும் இவ்வகையினதே. ஆங்கிலத்தில் ஓரசையாக உள்ள இச்சொல் தமிழில் ஈரசையாகி, ‘மயில்’ என்பதன் வடிவைப் பெற்றது. எனவே ‘மயிலை’ என்பது போல ‘ரயிலை’ என ஒற்று இரட்டாமல் புணர்கிறது. ஓரசையாகவே ‘ரெல்’ என வந்திருப்பின் ‘ரெல்லை’ என்றாகியிருக்கும்.

வல்லினத்தில் முடியும் ஆங்கிலச் சொற்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் கண்ட வழி ஈற்றில் உகரம் சேர்ப்பது. நீதிமன்றமும் வருவாய்த் துறையும் வழங்கிய ‘கோர்ட்டு’, ‘ரிப்போர்ட்டு’, ‘நோட்டு’ போன்றவை இவ்வாறு அமைந்தன. ஈற்று உகரம் குற்றியலுகரமாக நின்று உயிர் வரும்போது கெடுவதால் ‘கோர்ட்டில்’, ‘நோட்டை’ எனப் புணர்ச்சி எளிதாகிறது. பிற்காலத்தில் ‘கோர்ட்’ என உகரமின்றி எழுதும் வழக்கம் வந்தபோதும் வேற்றுமை வடிவம் ‘கோர்ட்டில்’ என்றே நிலைத்தது. எழுவாயில் மறைந்த உகரத்தின் தடம், உருபேற்ற வடிவின் இரட்டை டகரத்தில் எஞ்சியிருக்கிறது.

இனி டுகர ஈற்றுக்கு வருவோம். நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களுள் டகர, றகர ஒற்றுகள் வேற்றுமையில் பெரும்பாலும் இரட்டும் என்பது நன்னூல் உயிரீற்றுப் புணரியல் கூறும் விதி. காடு காட்டில் எனவும், ஆறு ஆற்றில் எனவும், வயிறு வயிற்றில் எனவும் ஆகும். ‘ரோடு’ இவ்விதிக்கு முழுமையாக உட்பட்டது: ரோட்டை, ரோட்டால், ரோட்டுக்கு, ரோட்டின், ரோட்டில். தொகைச் சொற்களிலும் ‘ரோட்டுக்கடை’, ‘ரோட்டோரம்’ என்றே வழங்குகிறது. ‘மவுண்ட் ரோடு’ போன்ற பெயரும் ‘மவுண்ட் ரோட்டில்’ என்றே ஆகும்.

இதே விதியின்படி ‘பிளேடு’, ‘ஸ்பீடு’, ‘கிரேடு’, ‘சைடு’, ‘லோடு’ ஆகியவையும் இரட்டித்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பிளேடை, பிளேடால், பிளேடுக்கு, பிளேடின், பிளேடில் என அவை திரிபின்றியே உருபேற்கின்றன. ‘போர்டு’, ‘வார்டு’, ‘பவுண்டு’ ஆகியவற்றை இப்பட்டியலில் சேர்க்கக்கூடாது. அவற்றில் டுகரத்துக்கு முன் மெய் நிற்பதால் விதி தொடக்கத்திலேயே அவற்றைத் தொடுவதில்லை. மாணவர் இரு வகையையும் ஒன்றாகக் கொண்டு ‘விதிவிலக்கு’ என எழுதுவது பொருந்தாது.

திரிபு ஏன் தடைப்பட்டது? உடனே தோன்றும் விடை, வேறு சொல்லோடு மயங்குதல் என்பது. ‘பிளேட்டில்’ என்றால் உணவுத் தட்டு என்றும், ‘சைட்டில்’ என்றால் கட்டடம் எழும்பும் மனை என்றும் பொருள்படும். கணினிக் குறியீட்டைக் குறிக்கும் ‘கோடு’ என்பதை ‘கோட்டில்’ என்றால் வரைந்த கோடும் உடுத்தும் கோட்டும் குறுக்கே வரும். இவ்விடை கவர்ச்சியானதே, ஆயினும் போதுமானதன்று. ‘லோட்டில்’ என்பதோடோ ‘ஸ்பீட்டில்’ என்பதோடோ மயங்கத்தக்க ஆங்கிலச் சொல் எதுவும் தமிழில் வழங்கவில்லை. அப்படியிருந்தும் ‘லோடில்’, ‘ஸ்பீடில்’ என்றே சொல்கிறோம்.

எனவே காரணத்தை ஒலியிலேயே தேட வேண்டும். ‘காடு’ என்பதில் உயிரிடை டகரம் மென்மையாக ஒலிக்கிறது. ‘காட்டில்’ என்பதில் இரட்டித்து வல்லொலியாகிறது. தமிழ்க் காதுக்கு இவை ஒரே ஒலியின் இரு நிலைகள். ஆங்கிலமும் அறிந்த பேச்சாளர்க்கோ அவை இரு வேறு ஒலிகள். ஆங்கிலத்தில் அவை சொல்லையே வேறாக்கும். அத்தகையவர் ‘ஸ்பீடு’ என்பதன் ஈற்றொலியை வல்லொலியாக மாற்றத் தயங்குகிறார். மாற்றினால் சொல் சிதைவதாக உணர்கிறார். ‘ரோடு’ பரவிய காலத்தில் அதைப் பேசியவருள் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதவர். அவர்கள் அதைக் காடு, மேடு, ஓடு வரிசையில் சேர்த்தனர். பின்னர் வந்த ஆங்கிலக் கல்வி பெற்ற தலைமுறை, ஏற்கெனவே உறுதிப்பட்டிருந்த ‘ரோட்டில்’ என்பதை மாற்றாமல் ஏற்றுக்கொண்டது; புதிய சொற்களை மட்டும் வேறு வரிசையில் வைத்தது.

இத்தடை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. உருதுவழி வந்த ‘தகராறு’ என்பதைச் செய்தித்தாள்கள் ‘தகராறில் ஈடுபட்டனர்’ என்றே எழுதுகின்றன. ‘தகராற்றில்’ என்பது செவிக்கு ஒவ்வாது. ஓசையில் அதை ஒத்த ‘வரலாறு’ தவறாமல் ‘வரலாற்றில்’ என்றாகிறது. இங்கு ஆங்கில ஒலியறிவைக் காரணமாகக் காட்ட இயலாது. டற இரட்டல் விதி புதிய சொற்களை ஈர்க்கும் வலிமையைப் பொதுவாகவே இழந்து வந்துள்ளது என்றும், ‘ரோடு’ அவ்வலிமை எஞ்சியிருந்தபோது உள்ளே வந்தது என்றும் கொள்வதே பொருந்தும். ஒலியறிவு அவ்விழப்பை விரைவுபடுத்தியிருக்கலாம்.

மகர ஈற்றின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அம் ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெறுவது இன்றும் உயிர்ப்புடன் இயங்கும் விதி. மியூசியம் மியூசியத்தில் என்றும், ஆல்பம் ஆல்பத்தை என்றும், சிஸ்டம் சிஸ்டத்தை என்றும், ஸ்டேடியம் ஸ்டேடியத்தில் என்றும் ஆகின்றன. ‘பெல்ஜியம்’ என்னும் நாட்டுப் பெயர்கூட ‘பெல்ஜியத்தில்’ என்றாகிறது. நிபந்தனை ஒன்றே: மகரத்துக்கு முன் குற்றகரம் இருக்க வேண்டும். ‘வியட்நாமில்’, ‘ரூமில்’, ‘டீமை’, ‘பிலிமை’ என்பவற்றில் அது இல்லாததால் சாரியையும் இல்லை. சமஸ்கிருதத்திலிருந்து வந்த எண்ணற்ற அம் ஈற்றுச் சொற்கள் பல நூற்றாண்டுகளாக இவ்விதிக்குப் பயிற்சியளித்துள்ளன. ஆங்கிலச் சொற்கள் அமைந்திருந்த பாதையில் நடந்தன. மேலும், மகரம் தகரமாகத் திரிவது ‘ஸ்பீடு’ என்பதில் நேர்வது போன்ற ஒலி மயக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆட்பெயர்களில் மட்டும் தயக்கம் தெரிகிறது: ‘சிதம்பரம்’ என்பவரைச் ‘சிதம்பரத்தை’ என்கிறோம், ‘வில்லியம்’ என்பவரை ‘வில்லியமை’ என்கிறோம்.

ஒரே ஆங்கிலச் சொல் இருமுறை கடன் பெறப்பட்ட இடத்தில் இவ்வரலாறு துலங்கித் தெரிகிறது. விண்ணப்பத் தாளைக் குறிக்கும் சொல் முதலில் ‘பாரம்’ என வந்தது. ரகரத்துக்கும் மகரத்துக்கும் இடையே அகரம் புகுந்ததால் அது அம் ஈற்றுச் சொல்லாயிற்று. ‘பாரத்தை நிரப்பி’ என்று அலுவலகங்களில் வழங்கியது. அதே சொல் பின்னர் ‘ஃபார்ம்’ என மீண்டும் வந்தபோது அகரம் புகவில்லை. ஆகவே ‘ஃபார்மை நிரப்பி’. இரண்டும் அவ்வவற்றின் வடிவுக்கு ஏற்பச் சரியே. ‘ஃபார்மை’ என்பதைப் பிழை என்று திருத்துபவர் ‘ஃபாரத்தை’ என்று எழுதச் சொல்ல முடியாது.

எழுத்துக்கும் காதுக்கும் உள்ள பிணக்கு வேறோரிடத்திலும் வெளிப்படுகிறது. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வரும்போது இரட்டும். எனவே கல் கல்லை ஆவது போலப் பஸ் பஸ்ஸை ஆகிறது. கிரந்த எழுத்தை இரட்டிக்க விரும்பாத சில இதழ்கள் ‘பஸ்சில்’ என எழுதுவதும் இவ்விதிக்கு உட்பட்டே. ஆனால் ‘டிரெஸ்’ என்பதில் எழுத்துக் கணக்கின்படி ஒற்றுக்கு முன் இரு குறில்கள் உள்ளன. ‘அவல்’ என்பது ‘அவலை’ ஆவது போல ‘டிரெஸை’ என்றே வர வேண்டும். வழக்கிலோ ‘டிரெஸ்ஸை’, ‘பிரஸ்ஸில்’, ‘கிளப்பில்’. பேசுபவர் டி, பி, கி என்பவற்றின் இகரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. அவர்க்கு அவை ஓரசைச் சொற்கள். உண்மையிலேயே ஈரசையான ‘அட்ரஸ்’ பெரும்பாலும் ‘அட்ரஸை’ என்றே வருவது இதற்குச் சான்று. நன்னூல் விதி இங்கு மீறப்படவில்லை. எழுத்துக்கு மாறாக ஒலிப்பின் மீது செயற்படுகிறது.

இலங்கைத் தமிழ் இவ்விடத்தில் வேறு தீர்வைக் கண்டுள்ளது. அங்கு ஆங்கிலத்தின் நுனிநா வல்லொலியை றகரத்தால் எழுதும் மரபு உண்டு: ‘ரிக்கற்’, ‘மாக்கற்’, ‘இன்ரர்நெற்’. இவை ‘ரிக்கற்றை’, ‘மாக்கற்றில்’, ‘இன்ரர்நெற்றில்’ என உருபேற்கின்றன. யாழ்ப்பாண ஒலிப்பில் ற்ற என்பது அந்த வல்லொலியையே தருவதால் எழுத்தும் ஒலியும் ஒத்துச் செல்கின்றன. ‘ரோடு’ அங்கு எழுவாயிலேயே ‘றோட்டு’ என வழங்குவதும் கருதத்தக்கது: திரிந்த அடி எழுவாய்க்கும் பரவிவிட்டதால், ‘றோட்டு’, ‘றோட்டில்’ என்பவற்றுக்கு இடையே இரட்டல் பற்றிய வினா எழுவதே இல்லை.

அகராதிகள் கடன்சொல்லுக்கு மூலமொழியையும் பொருளையும் தருகின்றன. உருபேற்கும் வடிவைத் தருவது அரிது. ‘ரோடு’ என்பதன் பக்கத்தில் ‘ரோட்டு’ என்றும், ‘பிளேடு’ என்பதன் பக்கத்தில் திரிபில்லை என்றும் ஒரு குறிப்பு இடம்பெற்றால் திருத்துவோர்க்கு வேண்டிய விடை அங்கேயே கிடைக்கும்; சொல் தமிழுக்குள் வந்த காலத்தைத் தேடும் ஆய்வாளர்க்கும் அது ஒரு சான்றாகும். மிசோரம் என்பதை ‘மிசோரத்தில்’ என்றும் ‘மிசோரமில்’ என்றும் இதழ்கள் இருவகையாக எழுதும் இக்காலத்தில், எது வெல்கிறது என்பதைப் பதிவு செய்யும் வாய்ப்பு இன்னும் கைவசம் இருக்கிறது.