அறுபதா, ஐம்பதா? சர்க்கரை மதிப்பெண்ணின் இரண்டு கோடுகள்

புதுவாயல் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் இரண்டு ஆண்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் ஸ்டோர் கணக்கர், வயது 52. மற்றவர் கண்காணிப்புக் கேமரா அறையில் உட்காருபவர், வயது 30. இருவருக்கும் இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ., உடற்பயிற்சி கிடையாது. இளைஞரின் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கணக்கரின் பெற்றோருக்கு இல்லை.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணை இருவருக்கும் போட்டுப் பார்ப்போம். கணக்கருக்கு வயதுக்கு 30, இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, ஆக 70. இளைஞருக்கு வயதுக்கு எதுவும் இல்லை. இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, அம்மாவுக்காக 10, ஆக 50. 60 வந்தால்தான் அதிக அபாயம். கணக்கர் ரத்தப் பரிசோதனைக்குப் போவார். இளைஞர் வேலைக்குத் திரும்புவார்.

அந்த ஆய்வில் 60 என்ற கோட்டின் உணர்திறன் 72.5 சதவீதம், அதாவது, நோயுள்ள நூறு பேரில் அத்தனை பேரைப் பிடிக்கும். தனித்திறன் 60.1 சதவீதம், நோயில்லாத நூறு பேரில் அத்தனை பேரைச் சரியாக விட்டுவிடும். ஆயிரம் பேரில் நூறு பேருக்குத் தெரியாத சர்க்கரை இருந்தால், 73 பேர் சிக்குவார்கள், 27 பேர் தப்புவார்கள். மீதி 900 பேரில் 359 பேர் வீணாக அழைக்கப்படுவார்கள். அழைக்கப்படும் 432 பேரில் ஆறில் ஒருவருக்குத்தான் நோய்.

கோட்டை 50க்கு இறக்கினால் இளைஞரும் உள்ளே வருவார். மதிப்பெண் பத்துப் பத்தாகவே ஏறுவதால் இடையில் நிறுத்த வழியில்லை. கணக்குக்காக உணர்திறன் 85, தனித்திறன் 45 என்று வைப்போம். தப்புபவர்கள் 15 ஆகக் குறைவார்கள். வீணாக அழைக்கப்படுபவர்கள் 495 ஆவார்கள். கூடுதலாக 12 பேரைக் கண்டுபிடிக்க 136 பேரை அலைக்கழிக்கிறோம்.

இது நியாயமா என்பதை அடுத்த படிதான் தீர்மானிக்கும். மதிப்பெண் போடும் முகாமிலேயே விரல் நுனியில் குத்திப் பார்க்க முடியுமானால் 50 போதும் என்பேன். வெறும் வயிற்றில் ஆய்வகத்துக்கு வரச் சொன்னால் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அரை நாள் கூலி போகும். அங்கே 136 சின்ன எண் அல்ல.

இன்னொன்று: 72.5 என்பது சென்னையில் 20 வயதுக்கு மேற்பட்ட எல்லா வயதினரையும் சேர்த்து வந்த எண். இளைஞர்கள் நிறைந்த ஆலையில் வயதுக்கான மதிப்பெண்ணே பலருக்கு விழாது. ஆகவே நோயுள்ளவர்கள் இன்னும் அதிகமாகத் தப்புவார்கள். முகாம் பதிவேட்டில் இது தெரியாது, ஏனென்றால் அதில் அழைக்கப்பட்டவர்களின் முடிவு மட்டுமே இருக்கும். கோட்டுக்குக் கீழே நின்றவர்களிலும் குலுக்கல் முறையில் சிலரைப் பொறுக்கி ரத்தம் பார்த்தால்தான் அந்த ஆலையில் எத்தனை பேர் தப்புகிறார்கள் என்பது பிடிபடும்.