படிக்கட்டு என்ற பெயருள்ள பாறை

எரிமலை என்று சொன்னதும் மனத்தில் ஒரு மலை எழுந்துவிடுகிறது. அதன் உச்சியில் ஒரு வாய், வாயில் புகை. ஆனால் பூமியில் நடந்த மிகப் பெரிய எரிமலைப் பெருக்குகளுக்கு அப்படி ஒரு மலை தேவைப்படவில்லை. தரை பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்துகொள்ளும். பிளவிலிருந்து வெளிவரும் பாறைக்குழம்பு சமவெளியில் பரவி ஆறிக் கல்லாகும். சில நூற்றாண்டுகளோ சில ஆயிரம் ஆண்டுகளோ கழித்து, அதன் மேலேயே அடுத்த குழம்பு வந்து படியும். இப்படி உருவான பாறையை வெள்ளப் பசால்ட் என்கிறார்கள்.

வெள்ளம் என்ற சொல்லைக் காவிரிக்கரைக்காரர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. கொள்ளிடத்தில் வரும் வெள்ளம் போல இது பாய்ந்து வருவதில்லை. பெரும்பாலும் மெதுவாகவே நகரும். வெளிப்புறம் ஆறி, காய்ச்சிய பாலில் ஆடை படிவது போலத் தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே சூடான குழம்பு தொடர்ந்து ஊறி வந்து அந்தத் தோலைத் தூக்கிக்கொண்டே போகும். அந்தத் தோல்தான் உள்ளிருக்கும் சூட்டைக் காக்கிறது. அதனால்தான் ஒரே குழம்பால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக முடிந்தது. வெள்ளம் என்ற பெயர் பரப்புக்குப் பொருந்தும், வேகத்துக்குப் பொருந்தாது.

நம் நாட்டில் இதன் பெயர் டெக்கான் ட்ராப். டெக்கான், தக்காணம், பழைய தக்கணம் எல்லாமே தெற்கைக் குறிக்கும் தட்சிணத்தின் வழி வந்தவை. ட்ராப் என்பதைப் பொறி என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லான ‘ட்ராப்பா’விலிருந்து அது வந்தது. ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர்கள் 18ஆம் நூற்றாண்டில், படிப்படியாக உடைந்து நிற்கும் கரும்பாறைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மகாபலேஷ்வர் சரிவைப் பார்த்தால் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்று உடனே விளங்கும். கெட்டியான நடுப்பகுதி செங்குத்தாக நிற்கிறது. இளகிய மேல்பகுதி அரித்துப் போய்ப் படியின் தட்டையாகிறது.

இந்தப் பாறை இன்று சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. தெற்கே பெலகாவி வட்டாரத்தோடு நின்றுவிடுகிறது. காவிரி பிறக்கும் குடகு அதற்கும் வெகு தெற்கே. கோதாவரியும் கிருஷ்ணாவும் பசால்ட்டைக் கரைத்துக்கொண்டு வந்து தங்கள் டெல்டாக்களில் கொட்டுகின்றன. காவிரி கொண்டுவரும் வண்டல் வேறு குலத்தது: மைசூர்ப் பீடபூமியின் பழைய நைஸ் பாறைகள் தேய்ந்து வந்தது. தஞ்சை வயல்களின் கருத்த களியை டெக்கான் எரிமலையின் பிள்ளை என்று சொல்ல முடியாது. கோவில்பட்டிக் கரிசலும் அப்படித்தான், நைஸ் மீது விளைந்த கருப்பு. நம் ஊர்ச் சொல்லான கருங்கல் வேறு விதத்தில் குழப்பும். பெரிய கோயிலின் கல்லையும் கருங்கல் என்கிறோம், அது பசால்ட் இல்லை. நிறத்தை வைத்துப் பெயரிட்ட சொற்கள் எல்லாமே பாறையின் பிறப்பை மறைத்துவிடுகின்றன. அந்த வகையில் ட்ராப் மேலான சொல். அது நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பிடித்தது, அந்த வடிவத்துக்குள்தான் காலம் இருக்கிறது.

படிகளுக்கு நடுவே பல இடங்களில் சிவந்த மண் பட்டை ஒன்று ஓடும். புவியியலாளர்கள் அதைச் செம்போல் என்பார்கள். ஒரு குழம்பு ஆறி, அதன் மேல்பகுதி மண்ணாகி, அந்த மண் அடுத்த குழம்பில் வெந்து சிவந்தது அது. அங்கே எரிமலை ஓய்ந்திருந்த காலம் பதிந்திருக்கிறது. இந்தப் பெருக்கால் தட்பவெப்பம் எவ்வளவு கெட்டது என்று கேட்பவர்கள் கல்லின் மொத்தக் கனத்தை விட இந்த இடைவெளிகளையே அதிகம் பார்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 1783இல் அங்கே லாக்கி பிளவு, சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்து, 8 மாதம் குழம்பைக் கக்கியது. வெளிவந்த குழம்பு சுமார் 15 கன கிலோமீட்டர். அதோடு வந்த கந்தக டை ஆக்சைடு சுமார் 12 கோடி டன். அது ஐரோப்பா மேல் நாற்றமடிக்கும் மூட்டமாகப் படர்ந்தது. ஐஸ்லாந்தில் ஃப்ளோரின் ஏறிய புல்லைத் தின்று கால்நடைகள் மடிந்தன, பஞ்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மக்கள் இறந்தார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் அந்தக் காலத்தை மூட்டத்தின் துன்பம் என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கிறார்கள். கணினி மாதிரிகள், அந்த ஆண்டு ஆப்பிரிக்க, இந்தியப் பருவமழைகள் தளர்ந்திருக்கும் என்கின்றன. ஆனால் அந்தக் காலத்தை ஒட்டித் தஞ்சை வயல்கள் பாழானதற்கு லாக்கியைக் குற்றம் சொல்லக் கூடாது. 1781இல் ஹைதர் அலியின் படை புகுந்து அழித்ததே அதற்குப் போதுமான காரணம்.

டெக்கானின் பெரிய படிகளில் ஒன்றே ஆயிரம் கன கிலோமீட்டரைத் தாண்டக்கூடியது. அப்படியானால் லாக்கியின் துன்பத்தைப் பெருக்கிவிடலாமா? முடியாது. கந்தகம் காற்றிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் மழையோடு இறங்கிவிடும். ஒரு படி 10 ஆண்டில் வந்ததா, 1,000 ஆண்டில் வந்ததா என்பதைப் பொறுத்துக் குளிர் கடுமையாகவோ லேசாகவோ இருக்கும். கரிவாயுவின் கணக்கு வேறு. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கி வெப்பத்தைக் கூட்டும், கடலைப் புளிக்க வைக்கும். ஒரே பெருக்கு முதலில் குளிரவைத்துப் பிறகு சுடும் என்பதால்தான் இதை வெப்பமயமாதல் என்று ஒரு சொல்லில் அடக்க முடியவில்லை.

2019இல் இரண்டு குழுக்கள் இந்தப் படிகளுக்கு வயது கண்டு ஒரே இதழில் வெளியிட்டன. பிரின்ஸ்டன் குழு, செம்போல்களில் சிக்கிய எரிமலைச் சாம்பலின் சிர்க்கான் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறியதை அளந்தது. பெருக்கு நான்கு வேகத் துடிப்புகளாக வந்தது, ஒரு துடிப்பு டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முன்னால் தொடங்கியது என்றது. பெர்க்லி குழு பாறைக்குள் இருந்த ஆர்கானை அளந்தது. பெருக்கு ஏறக்குறைய சீராகவே வந்தது, மொத்தத்தில் சுமார் முக்கால் பங்கு அழிவுக்குப் பிறகுதான் வெளிவந்தது என்றது. அழிவு நடந்த சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பான அந்த நேரத்தில், மெக்சிகோவின் சிக்சுலுப்பில் விண்கல்லும் விழுந்தது. பிரின்ஸ்டன் கணக்கு சரியென்றால் எரிமலைக்கும் அழிவில் பங்கு இருந்திருக்கலாம். பெர்க்லி கணக்கு சரியென்றால் விண்கல்லின் பக்கம் எடை கூடுகிறது. இன்றைய சான்றுகள் விண்கல்லையே முதல் குற்றவாளியாகக் காட்டுவதாக எனக்குப் படுகிறது. அதற்கு முன்பே டெக்கான் வாயுக்கள் உலகைச் சில டிகிரி சூடாக்கி உயிர்களைத் தளர்த்தியிருந்தன என்பதையும் ஒதுக்கிவிட முடியாது.

நம் பக்கத்துச் சாட்சிகள் கொள்ளிடத்தின் அக்கரையில் இருக்கின்றன. அரியலூர் சிமென்ட் சுரங்கங்கள் தோண்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கால வங்கக் கடலின் தரை. அதன் வரிசையில் கல்லமேடு அடுக்கில் டைனோசர் எலும்புகள் உண்டு. அதற்கு மேலே நின்னியூர் அடுக்கு, டைனோசருக்குப் பிந்திய கடல். ஆனால் கல்லமேடு படிந்தபோது கடல் பின்வாங்கி ஆற்று மணல்தான் சேர்ந்தது. அதனால் நமக்கு மிகவும் தேவையான அந்தச் சில ஆயிரம் ஆண்டுகளின் பக்கங்கள் அங்கே கிழிந்து கிடக்கின்றன.

கிழியாத பக்கங்கள் ராஜமுந்திரிப் பக்கம் கிடைத்தன. ராஜராஜ சோழனின் மகள் வயிற்றுப் பேரனான ராஜராஜ நரேந்திரனின் பெயரைத் தாங்கிய ஊர் அது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பள்ளத்தாக்குகளின் வழியே சுமார் 1,000 கிலோமீட்டர் வந்த டெக்கான் குழம்பு, அங்கே கடலுக்குள் இறங்கியது. அப்பகுதியில் ஓ.என்.ஜி.சி. போட்ட கிணறுகளில், குழம்பு அடுக்குகளுக்கு நடுவே கடல் வண்டல் அகப்பட்டது. தொல்லுயிரியலாளர் கெர்டா கெல்லரின் குழு அந்த வண்டலில் மிதவை நுண்ணுயிர்களின் ஓடுகளை எண்ணிப் பார்த்தது. முதல் பெரிய குழம்புக்கு மேலே இனங்கள் குறைந்துவிட்டன, மிஞ்சியவை உருவில் சுருங்கிவிட்டன என்று அவர்கள் எழுதினார்கள். கடலுக்குள் இறங்கிய கல்லையும் அதில் மடிந்த உயிரையும் ஒரே துளையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிக்க முடிந்த இடம் உலகில் அதிகம் இல்லை.