வீச்சு

பேசு பேச்சானதுபோல் ‘வீசு’ வீச்சானது. மலாயில் ‘அம்ப்ளிடுட்’ என்பது இதைத்தான். அரிவாள் வீச்சென்றால் முனையிலிருந்து முனைவரை. இயற்பியலிலோ நடுநிலையிலிருந்து ஒரு முனைவரை மட்டுமே. தடுமாற்றம் இங்கேதான்.

சுருள்வில்லில் தொங்கும் எடையின் வரைபடம் 7 செ.மீ.க்கும் 1 செ.மீ.க்கும் இடையே ஏறியிறங்குகிறது. வீச்சு ஏழல்ல, ஆறுமல்ல. நடுக்கோடு 4, ஆகவே வீச்சு 3 செ.மீ.

நடுக்கோட்டை வளைவு மேல்நோக்கி வெட்டுவது 0.1 நொடியில், மறுபடி மேல்நோக்கி வெட்டுவது 0.9 நொடியில். அலைவுக் காலம் 0.8 நொடி. இடையே 0.5 நொடியில் கீழ்நோக்கி வெட்டுவதையும் எண்ணினால் விடை பாதியாகிவிடும். முதல் வெட்டு 0.1 நொடி, அதாவது எட்டில் ஒரு பங்கு காலம், தாமதம். ஆகவே சைன் வளைவாக எழுதினால் தொடக்கக் கட்டம் −45 பாகை.