இருமல் நின்ற பிறகும் ஏன் குளிசை? காசநோய் சிகிச்சையின் ஆறு மாதங்கள்

என்னுடைய மாமா கிளிநொச்சியில் மேசன் வேலை செய்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் சளிப் பரிசோதனையில் அவருக்குக் காசநோய் இருப்பது உறுதியானது. மருந்து தொடங்கிப் பத்து வாரங்கள் கடந்திருந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். 44 கிலோவாக மெலிந்திருந்தவர் 50 கிலோவுக்கு வந்திருந்தார்.

"பிள்ளை, இருமல் நிண்டுட்டுது. வடிவாச் சாப்பிடுறன், நித்திரை கொள்ளுறன். பிறகேன் இந்தக் குளிசை?" என்று கேட்டார். கொழும்பில் ஒரு கட்டட வேலை கிடைத்திருந்தது. அடுத்த கிழமையே புறப்பட்டுவிட்டார். குளிசை வீட்டில் இருந்தது.

அன்று அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு மார்பு நோய் சிகிச்சை நிலைய வைத்தியர்களிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடமும் கேட்டும், தேடி வாசித்தும் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமான காசநோய் சிகிச்சை இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதல் இரண்டு மாதங்களுக்கு ரிபாம்பிசின், ஐசோனியசிட், பிரசினமைட், எதம்பியூட்டோல் என்ற நான்கு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. நான்கும் ஒரே குளிசையில் சேர்ந்திருக்கும். எத்தனை குளிசை என்பதை நோயாளியின் நிறை தீர்மானிக்கிறது. மாமாவுக்கு நாளொன்றுக்கு மூன்று. அடுத்த நான்கு மாதங்களுக்கு ரிபாம்பிசினும் ஐசோனியசிட்டும் மட்டும் தொடரும். அரச சிகிச்சை நிலையங்களில் இவை இலவசம்.

மாமாவின் கேள்விக்கான விடை கிருமியின் இயல்பில் இருக்கிறது. நுரையீரலில் வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெருமளவில் இறந்துவிடுகின்றன. இருமல் குறைவதும் காய்ச்சல் விடுவதும் பசி திரும்புவதும் அதனால்தான். ஆனால் இன்னொரு கூட்டம் பெருகாமல், உறங்குவது போலக் கிடக்கிறது. மருந்துகள் பெரும்பாலும் இயங்கும் கிருமியைத்தான் எளிதில் கொல்லும். உறங்கும் கிருமிகள் எப்போதாவது விழித்து இயங்கும் வேளையில் உடம்பில் மருந்து இருந்தாக வேண்டும். மீதி நான்கு மாதங்களும் அந்தக் காத்திருப்புக்குத்தான்.

ஆறு மாதம் என்ற கணக்கு, 1970களில் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை கிழக்கு ஆபிரிக்கா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் செய்த ஆய்வுகளின் வழியே வந்தது. இதே வகை மருந்துகளை நான்கு மாதங்களோடு நிறுத்தியபோது, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது. ஆறு மாதங்கள் எடுத்தவர்களில் மிகச் சிலருக்கே திரும்பியது. நான்கு மாதங்களில் முடியும் சிகிச்சை முறை ஒன்று இப்போது உண்டு. ஆனால் அதில் சேர்க்கப்படும் மருந்துகள் வேறு. அதைக் கேள்விப்பட்டு ஆறு மாத மருந்தை இடையில் விட முடியாது.

மருந்தைப் பலர் கைவிடுவதற்கு மற்றக் காரணம் பக்க விளைவுகள். இவற்றில் பொறுத்துக்கொள்ளக் கூடியவை எவை, உடனே ஓட வேண்டியவை எவை என்று பிரித்தறிவது முக்கியம்.

முதல் நாளே பயமுறுத்துவது சிறுநீரின் நிறம். ரிபாம்பிசின் அதைச் செம்மஞ்சளாக்கும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இதில் ஆபத்து எதுவுமில்லை. குமட்டலும் வயிற்று எரிவும் பலருக்கு வரும். வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்லப்படும் குளிசையைச் சிறிது உணவோடு அல்லது படுக்கப் போகும்போது எடுக்கலாமா என்று சிகிச்சை நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மாமாவுக்கு முழங்கால் மூட்டு வலித்தது. அது பிரசினமைட்டின் வேலை. சாதாரண வலி நிவாரணியால் தணிந்து, இரண்டு மாதம் முடிந்து அந்த மருந்து நின்றதும் வலியும் நின்றது. பாதங்களில் எரிவோ விறைப்போ வந்தால் அது ஐசோனியசிட்டால் இருக்கலாம். அதற்கு விற்றமின் பி6 கொடுப்பார்கள்.

ஓட வேண்டியவை வேறு. கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுந்தேநீர் போலக் கறுப்பது, சத்தி நிற்காமல் போவது, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பது ஆகியவை ஈரல் பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். எங்கள் பக்கத்தில் செங்கமாரி என்று சொல்லி நாட்டு மருந்துக்குப் போவார்கள். அப்படிச் செய்யாமல் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பார்வை மங்குவதோ சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போவதோ எதம்பியூட்டோலால் வரலாம். உடம்பெங்கும் தடிப்புப் பரவினாலும் தாமதிக்கக் கூடாது.

இப்படி நிறுத்துவது சிகிச்சையை முடிப்பது அல்ல. ஈரல் தேறியதும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து மாற்றுவது வைத்தியரின் வேலை. ரிபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனையும் சில நீரிழிவு மருந்துகளின் பலனையும் குறைக்கும். ஆகவே வேறு என்ன மருந்து எடுக்கிறோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மாமா மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இருமலும் திரும்பியிருந்தது. தொடர்ந்து இரண்டு மாதங்களோ அதற்கு மேலோ மருந்து எடுக்காதவரை 'சிகிச்சையிலிருந்து விடுபட்டவர்' என்று பதிவு செய்கிறார்கள். சுகாதாரப் பரிசோதகர் அவரைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறார். தொலைபேசியிலும் அழைத்திருக்கிறார். மாமா இலக்கத்தை மாற்றியிருந்தார். சளியில் மறுபடியும் கிருமி தெரிந்தது.

அதன்பிறகு நாங்கள் பயத்தோடு காத்திருந்தது ஜீன் எக்ஸ்பேர்ட் பரிசோதனை முடிவுக்கு. அந்தப் பரிசோதனை, கிருமி ரிபாம்பிசினுக்குப் பணிகிறதா, இல்லையா என்று காட்டும். நோய் முற்றிய நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் ஏதாவது ஒரு மருந்துக்குச் சாகாத சில கிருமிகள் இயல்பாகவே இருக்கும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இதுதான். ஒன்றுக்குத் தப்பியது மற்றதில் அகப்படும். மருந்தை விட்டு விட்டு எடுத்தால் தப்பியவை பெருக இடம் கிடைக்கிறது. ரிபாம்பிசினுக்கும் ஐசோனியசிட்டுக்கும் பணியாத கிருமி வந்துவிட்டால், வேறு மருந்துகள் தேவைப்படும். அவற்றின் பக்க விளைவுகள் கூடுதல், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் சிகிச்சை நீளும். அவர் இருமினால் வீட்டில் உள்ளவர்களுக்குப் பரவுவதும் அதே பணியாத கிருமிதான்.

மாமாவுக்கு அதிர்ஷ்டம். கிருமி மருந்துக்குப் பணிந்தது. ஆனால் ஏற்கெனவே விழுங்கிய பத்து வாரக் குளிசைகள் கணக்கில் சேரவில்லை. முதல் நாளிலிருந்து மறுபடியும் ஆறு மாதங்கள். இருமலோடு அவர் வீட்டிலிருந்த நாட்களில் பேத்தியும் கூடவே இருந்தாள். ஐந்து வயதாகாத அந்தப் பிள்ளையையும் பரிசோதித்து, நோய் இல்லையென்று கண்டு, தடுப்பு மருந்து கொடுத்தார்கள்.

இரண்டாம் முறை மருந்து வாங்கப் போனபோது தாதி ஒருவர் சொன்னதைக் கேட்டு மாமா தலையில் கைவைத்தார். கொழும்புக்கு வேலைக்குப் போவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தால், சிகிச்சை அட்டையோடு அங்குள்ள மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றி விட்டிருப்பார்களாம். வேலைத்தளத்துக்குப் பக்கத்திலேயே குளிசை கிடைத்திருக்கும்.

"அதை ஒருக்கா கேட்டிருந்தா ஒரு வருசம் வீணாப் போயிராது, பிள்ளை" என்றார்.

இம்முறை சுவர் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் பேனையால் கோடு போட்டார். இரண்டாம் மாத முடிவிலும் ஐந்தாம் மாதத்திலும் கடைசியிலும் சளியைப் பரிசோதித்தார்கள். மூன்றிலும் கிருமி இல்லை.